ஸ்ட்ராடில், ஸ்ப்ரெட்: ஆர்டர் போடும் முன் லாப நட்டப் படத்தை நீங்களே வரையுங்கள்

தரகர்களின் ஆப்களில் இப்போது எல்லாமே தயாராக இருக்கிறது. 'ஏறும்' என்று தட்டினால் ஒரு ஸ்ட்ராடெஜி, 'பெரிய அசைவு' என்று தட்டினால் இன்னொன்று, கூடவே பச்சையும் சிவப்புமாக ஒரு படம். நானும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தொடங்கினேன். படத்தில் லாபப் பகுதியில் நிற்பதாகத் தெரியும்போது கையில் நட்டம் ஓடுவது ஏன் என்று புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. அந்தப் படத்தை ஒரு முறை சொந்தமாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் எல்லாம் தெளிந்தது. நீங்கள் அவ்வளவு நாள் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உதாரணம் முழுக்க நிஃப்டி வாராந்திர ஆப்ஷன். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, ஆனால் ஒன்றோடொன்று பொருந்துபவை: நிஃப்டி 25,000-இல் இருக்கிறது, எக்ஸ்பைரிக்கு 7 நாள், 25,000 ஸ்ட்ரைக் கால் 180 ரூபாய், அதே ஸ்ட்ரைக் புட் 150 ரூபாய். கால் என்பது ஸ்ட்ரைக் விலையில் வாங்கும் உரிமை, புட் என்பது விற்கும் உரிமை, எக்ஸ்பைரி அந்த உரிமை முடியும் நாள், அதற்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். லாட் 65 என்று கணக்கிடுகிறேன். லாட் அளவு நிலையானதல்ல. 2024 நவம்பரில் 25-லிருந்து 75 ஆனது, பிறகு 65 ஆகக் குறைந்தது. நீங்கள் வாங்கும் நாளில் எவ்வளவு என்று என்எஸ்இ தளத்தில் பார்த்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. கணக்கும் ஆவணங்களும்

பங்கு வாங்கும் டீமேட் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. ஃப்யூச்சர்ஸும் ஆப்ஷனும் நடக்கும் எஃப் அண்ட் ஓ பிரிவைத் தனியாகத் திறக்கச் சொல்ல வேண்டும், அதற்கு வருமானச் சான்று கேட்பார்கள். ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், சம்பள ரசீது, படிவம் 16, வருமான வரி ஒப்புகைச் சீட்டு, டீமேட்டில் உள்ள பங்குகளின் பட்டியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் போதும். பான், ஆதார், வங்கி விவரம் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள்.

இங்கே தடங்கல் வருவது இரண்டு இடத்தில். வங்கி ஸ்டேட்மென்ட் பாஸ்வேர்ட் பூட்டோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்டேட்மென்டில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் இனிஷியலில் வேறுபட்டாலும் அதே கதைதான். நம் ஊரில் இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவது சகஜம் என்பதால் அனுப்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஓரிரு வேலை நாளில் திறந்துவிடும்.

பணம் எவ்வளவு வேண்டும்? ஸ்ட்ராடில் என்றால் காலும் புட்டும் சேர்த்து வாங்குவது, ஆகவே இந்த உதாரணத்தில் 180 + 150 = 330, அதை 65-ஆல் பெருக்கினால் 21,450 ரூபாய். 2025 பிப்ரவரி 1 முதல் வாங்குபவர் பிரீமியம் முழுவதையும் முன்கூட்டியே வைத்தாக வேண்டும். விற்பதற்கு எவ்வளவு என்பதைப் பின்னால் சொல்கிறேன், அது வேறு அளவு.

## 2. முதலில் பார்வையை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

படம் வரையும் முன் ஒரு காகிதத்தில் எழுத வேண்டியது இது: எந்தத் திசை, எவ்வளவு தூரம், எந்தத் தேதிக்குள். மூன்றும் இருக்க வேண்டும். 'பட்ஜெட் வருகிறது, பெரிதாக அசையும்' என்பது போதாது. 'அடுத்த செவ்வாய் எக்ஸ்பைரிக்குள் ஏதாவது ஒரு பக்கம் 330 புள்ளிக்கு மேல் போகும்' என்பது போதும்.

எதற்கு இவ்வளவு கறார் என்றால், ஒவ்வொரு ஸ்ட்ராடெஜியும் இப்படி ஒரு வாக்கியம்தான். ஸ்ட்ராடில் தூரத்தைப் பற்றிப் பேசுகிறது, திசையைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு ஸ்ட்ரைக்கை வாங்கி இன்னொன்றை விற்கும் ஸ்ப்ரெட், திசையைச் சொல்லிவிட்டு 'இதற்கு மேல் போகாது' என்று ஒரு எல்லையையும் சொல்கிறது. உங்கள் வாக்கியமும் படம் சொல்லும் வாக்கியமும் ஒன்றாக இருந்தால்தான் ஆர்டர்.

## 3. ஒற்றை ஆப்ஷனின் கோட்டை வரையுங்கள்

கிடைக்கோட்டில் எக்ஸ்பைரி அன்று நிஃப்டி எங்கே முடிகிறது, செங்குத்துக் கோட்டில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு லாபம் அல்லது நட்டம். படம் என்பது இவ்வளவுதான்.

25,000 காலை 180-க்கு வாங்கினால், நிஃப்டி 25,000-க்குக் கீழே எங்கே முடிந்தாலும் 180 போச்சு. ஆகவே அதுவரை கோடு -180-இல் தட்டையாக ஓடும். 25,000-இல் மடங்கி, அதன் பிறகு ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாயாக ஏறும். பூஜ்ஜியத்தைத் தொடும் இடம், அதாவது சமநிலை, 25,180. புட் இதன் கண்ணாடி பிம்பம்: 25,000-க்கு மேல் -150-இல் தட்டை, கீழே போகப் போக ஏற்றம், சமநிலை 24,850.

விற்றவரின் கோடு வேண்டுமென்றால் வாங்கியவரின் கோட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். இனி வரும் எல்லாப் படமும் இந்தக் கோடுகளைக் கூட்டுவதுதான், வேறு வித்தை எதுவும் இல்லை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுவது சுலபம். A நிரலில் A2-இல் தொடங்கி 24,400 முதல் 25,600 வரை 50 புள்ளி இடைவெளியில் நிஃப்டி அளவுகளை இறக்குங்கள். அப்புறம் B, C, D நிரல்களில்:

```
B2: =MAX($A2-25000,0)-180
C2: =MAX(25000-$A2,0)-150
D2: =B2+C2
```

கீழே இழுத்துவிட்டு A, D இரண்டையும் தேர்ந்தெடுத்து, A கிடைக்கோட்டில் வரும்படி கோடு இணைத்த ஸ்கேட்டர் படம் போட்டால் ஸ்ட்ராடில் தயார். 180, 150 என்ற இடத்தில் திரையில் தெரியும் கடைசி விலையைப் போடாதீர்கள். ஸ்ட்ராடெஜியில் உள்ள ஒவ்வொரு ஆப்ஷனும் ஒரு லெக். வாங்கும் லெக்குக்கு விற்பவர் கேட்கும் ஆஸ்க் விலை, விற்கும் லெக்குக்கு வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் பிட் விலை. வர்த்தகம் குறைவான ஸ்ட்ரைக்கில் கடைசி விலை அரை மணி நேரம் பழையதாகக்கூட இருக்கும், அதை வைத்து வரைந்த படம் உங்களுக்குக் கிடைக்காத விலையில் வரைந்த படம்.

## 4. ஸ்ட்ராடில் வாங்குவது

ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி, காலும் புட்டும் சேர்த்து வாங்குகிறோம். மொத்தம் 330.

| எக்ஸ்பைரியில் நிஃப்டி | கால் | புட் | மொத்தம் |
|---|---|---|---|
| 24,500 | -180 | +350 | +170 |
| 24,670 | -180 | +180 | 0 |
| 25,000 | -180 | -150 | -330 |
| 25,200 | +20 | -150 | -130 |
| 25,330 | +150 | -150 | 0 |
| 25,500 | +320 | -150 | +170 |

நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் ஏறும் கைகள். சமநிலைப் புள்ளிகள் 24,670, 25,330. 25,200 வரிசையை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். நிஃப்டி 200 புள்ளி ஏறியிருக்கிறது, 'அசையும்' என்று சொன்னவரின் கணிப்பு பலித்திருக்கிறது, ஆனாலும் ஒரு லாட்டுக்கு 8,450 ரூபாய் நட்டம். சந்தை ஏற்கெனவே 330 புள்ளி அசைவுக்கு விலை வைத்திருக்கிறது. நீங்கள் ஸ்ட்ராடில் வாங்கும்போது சொல்வது 'அசையும்' என்பதல்ல, 'சந்தை விலை வைத்திருப்பதைவிட அதிகமாக அசையும்' என்பது.

இதை வெறும் உணர்வாக விடாமல் சரிபார்க்க ஒரு வழி உண்டு. என்எஸ்இ தளத்தில் நிஃப்டியின் பழைய முடிவு விலைகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு வருடத்துக்கான கோப்பை இறக்கி, ஒரு எக்ஸ்பைரியின் முடிவிலிருந்து அடுத்த எக்ஸ்பைரியின் முடிவுக்கு எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று ஒரு நிரல் போடுங்கள். 25,000-இல் 330 என்பது 1.32%. எத்தனை வாரங்களில் அதைத் தாண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சொற்பமாக இருந்து, இந்த வாரம் மட்டும் ஏன் வேறு என்பதற்கு உங்களிடம் காரணமும் இல்லை என்றால், வாங்காதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: நிஃப்டி எக்ஸ்பைரி 2025 செப்டம்பர் முதல் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. பழைய தரவில் கிழமையைக் கலந்துவிடாதீர்கள்.

## 5. இன்றைய கோடு வேறு, எக்ஸ்பைரி கோடு வேறு

மேலே வரைந்த மடங்கிய கோடு எக்ஸ்பைரி நாள் மாலைக்கு மட்டும் பொருந்தும். நடுவில் எந்த நாளில் பார்த்தாலும் ஆப்ஷனில் மிச்ச நாட்களுக்கான நேர மதிப்பு இன்னும் இருக்கும், ஆகவே உண்மையான கோடு வளைந்த கோடு. ஆப்களில் புள்ளிக் கோடாகவோ வேறு நிறத்திலோ காட்டுவது அதைத்தான். பல பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

நம் ஸ்ட்ராடிலையே எடுத்துக்கொள்வோம். இதில் பொதிந்திருக்கும் ஏற்ற இறக்க விகிதம், சந்தையில் ஐவி என்று சொல்வது, சுமார் 12%. மூன்று நாள் ஓடி, நிஃப்டி அதே 25,000-இல் நிற்கிறது என்று வையுங்கள். ஸ்ட்ரைக் அருகே இருக்கும்போது ஸ்ட்ராடிலின் விலை மிச்ச நாளின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும்:

```
330 × √(4/7) ≈ 250
```

எதுவும் நடக்காமலே 80 புள்ளி, லாட்டுக்கு 5,200 ரூபாய் கரைந்துவிட்டது. எதிர்பார்த்த நிகழ்வு முடிந்து ஐவி 12-லிருந்து 10-க்கு இறங்கினால் அந்த 250-உம் 208 பக்கம் வந்துவிடும்.

அதே மூன்றாம் நாளில் நிஃப்டி 25,200-க்குப் போயிருந்தால்? ஐவி மாறாத பட்சத்தில் ஸ்ட்ராடில் சுமார் 305 இருக்கும். இன்னும் 25 புள்ளி நட்டம்தான், ஆனால் எக்ஸ்பைரி வரை வைத்திருந்து அதே 25,200-இல் முடிந்தால் வரும் 130 நட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே வருவதா, இருப்பதா என்ற முடிவை இந்த இரண்டு கோட்டுக்கும் இடையிலான தூரம்தான் சொல்லித்தரும். ஸ்ட்ராடில் வாங்கினால், எந்த நாளுக்குள் அசையாவிட்டால் விற்றுவிடுவேன் என்பதையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். விலைக்கு வைக்கும் ஸ்டாப் போலவே இதில் தேதிக்கும் ஒரு ஸ்டாப் வேண்டும்.

இதற்கு உண்மையான வாரம் ஒன்று இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வாரம். கருத்துக் கணிப்புகளால் ஜூன் 3 அன்று நிஃப்டி 733 புள்ளி ஏறி 23,263.90-இல் முடிந்தது. முடிவு வந்த ஜூன் 4 அன்று 21,884.50-க்கு விழுந்தது. 5-ஆம் தேதி 22,620.35. எக்ஸ்பைரியான 6-ஆம் தேதி 22,821.40. ஜூன் 3 மாலை 23,250 ஸ்ட்ராடில் ஒருவர் கையில் இருந்ததாக வைத்துக்கொண்டால், 4-ஆம் தேதி மாலை அதன் உள்ளார்ந்த மதிப்பு, அதாவது ஸ்ட்ரைக்குக்கும் நிஃப்டிக்கும் இடையிலான வித்தியாசம், மட்டுமே 1,365 புள்ளி. அதையே எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் மிஞ்சியது 429 புள்ளி. எக்ஸ்பைரி படம் அந்த 429-ஐ மட்டும்தான் காட்டும். 1,365 வழியில் வந்து போனது அந்தப் படத்தில் எங்கும் தெரியாது.

## 6. ஸ்ட்ராடில் விற்பது

படத்தைக் கவிழ்த்தால் கூடாரம் மாதிரி ஒரு வடிவம். உச்சியில் 330 லாபம், 24,670-க்கும் 25,330-க்கும் இடையே எங்கே முடிந்தாலும் ஏதோ மிஞ்சும். பார்வை: 'சந்தை பயப்படும் அளவுக்கு அசையாது.' பெரும்பாலான வாரங்களில் இது பலிக்கும் என்பதால்தான் இது ஆபத்தானது. இரண்டு கைகளும் கீழ்நோக்கி எல்லையின்றி ஓடுகின்றன என்பதைத் திரையின் கீழ் விளிம்பு மறைத்துவிடும். வரையும்போது கிடைக்கோட்டை 24,400-25,600 என்று நிறுத்தாமல் இரண்டு பக்கமும் 1,500 புள்ளி நீட்டிப் பாருங்கள். 2024 ஜூன் 4 போல ஒரே நாளில் 1,379 புள்ளி விழுந்தால் கோடு எங்கே போய் நிற்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்: 330 வாங்கிக்கொண்டு 1,379 கொடுத்தால் நிகரம் -1,049, லாட்டுக்கு 68,000 ரூபாய்க்கு மேல்.

விற்பதற்குப் பிணையாக வைக்க வேண்டிய பணமான மார்ஜின் ஒரு லட்சத்தைத் தாண்டும். அன்றைய சரியான எண்ணைத் தரகரின் மார்ஜின் கால்குலேட்டரில் பாருங்கள், அது தினமும் மாறும். எக்ஸ்பைரி நாளில் விற்ற இன்டெக்ஸ் ஆப்ஷனுக்கு ஒப்பந்த மதிப்பில் 2% கூடுதல் மார்ஜின் என்பது 2024 நவம்பர் 20 முதல் நடைமுறை. 25,000 × 65 என்றால் 16.25 லட்சம், அதில் 2% என்பது 32,500 ரூபாய், ஒரு விற்ற லாட்டுக்கு. காசு இல்லையென்றால் தரகரே நிலையை மூடக்கூடும், அது எந்த விலையில் நடக்கும் என்பது உங்கள் கையில் இருக்காது.

'அசையாது' என்ற பார்வைதான் உங்களுக்கு என்றால், புதிதாக வருபவருக்கு நான் சொல்வது இரண்டு பக்கமும் இறக்கை கட்டச் சொல்வது. 25,400 கால், 24,600 புட் இரண்டையும் ஆளுக்கு 40-க்கு வாங்குங்கள். வரவு 330-லிருந்து 250 ஆகக் குறையும், சமநிலை 24,750, 25,250 என்று குறுகும். ஆனால் என்ன நடந்தாலும் நட்டம் 400 - 250 = 150 புள்ளியோடு நிற்கும். இதற்கு அயர்ன் பட்டர்ஃப்ளை என்று பெயர். மார்ஜினும் கணிசமாகக் குறையும். இறக்கை இல்லாத ஸ்ட்ராடிலைப் புதியவர் விற்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

## 7. ஸ்ப்ரெட்: திசையும் எல்லையும்

'ஏறும், ஆனால் இந்த வாரம் 25,200 பக்கம் நின்றுவிடும்.' இந்த வாக்கியத்துக்கு உரியது புல் கால் ஸ்ப்ரெட். 25,000 காலை 180-க்கு வாங்கி, 25,200 காலை 95-க்கு விற்கிறோம். செலவு 85.

```
=(MAX($A2-25000,0)-180)-(MAX($A2-25200,0)-95)
```

25,000-க்குக் கீழே -85-இல் தட்டை. அங்கிருந்து 25,200 வரை சாய்வாக ஏற்றம். 25,085-இல் பூஜ்ஜியம். 25,200-க்கு மேல் +115-இல் மறுபடி தட்டை. லாட்டுக்கு அதிகபட்ச நட்டம் 5,525 ரூபாய், அதிகபட்ச லாபம் 7,475 ரூபாய்.

'லாபத்துக்கு ஏன் மூடி போட வேண்டும், காலை மட்டும் வாங்கினால் என்ன?' என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் போடுங்கள். வெறும் காலின் சமநிலை 25,180. அது ஸ்ப்ரெட்டின் 115-ஐ எட்டுவது 25,295-இல்தான். அதாவது நிஃப்டி 25,295-ஐத் தாண்டாத எல்லா முடிவிலும் ஸ்ப்ரெட்தான் மேல், தப்பினால் நட்டமும் பாதிக்குக் கீழே. 25,295-க்கு மேல் போகும் என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினால் காலை மட்டும் வாங்குங்கள். அந்த நம்பிக்கை இல்லாமல், 'ஒருவேளை போனால்' என்பதற்காக 95 ரூபாயை விட்டுக்கொடுக்காதீர்கள். விற்கும் ஸ்ட்ரைக் எது என்பது உங்கள் பார்வையின் இரண்டாம் பாதி. அதை ஆப் தேர்ந்தெடுக்க விடக் கூடாது.

இறங்கும் என்ற பார்வைக்கு பியர் புட் ஸ்ப்ரெட். 25,000 புட்டை 150-க்கு வாங்கி, 24,800 புட்டை 80-க்கு விற்றால் செலவு 70, அதிகபட்ச லாபம் 130, சமநிலை 24,930. படம் முன்னதன் கண்ணாடி பிம்பம், தனியாக விளக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். 'கிரெடிட் ஸ்ப்ரெட்டில் காசு முதலிலேயே கைக்கு வருகிறது, அதனால் பாதுகாப்பு' என்று நிறையப் பேர் சொல்லித்தருகிறார்கள். அதே 25,000, 25,200 ஸ்ட்ரைக்குகளில் புட்டை வைத்துச் செய்து பாருங்கள். 25,200 புட் 265 இருக்கும். அதை விற்று, 25,000 புட்டை 150-க்கு வாங்கினால் கையில் 115 வரும். 25,200-க்கு மேல் முடிந்தால் அந்த 115 முழுதும் உங்களுக்கு. 25,000-க்குக் கீழே முடிந்தால் 200 கொடுக்க வேண்டும், நட்டம் 85. ஷீட்டில் போட்டால் இந்தக் கோடு புல் கால் ஸ்ப்ரெட்டின் கோட்டின் மேலேயே அச்சாக விழும். செலவு 85, வரவு 115, கூட்டினால் ஸ்ட்ரைக் இடைவெளியான 200. சந்தையில் எப்போதும் ஓரிரு புள்ளி வித்தியாசத்துக்குள் இப்படித்தான் இருக்கும், இல்லையென்றால் ஆர்பிட்ரேஜ்காரர்கள் உடனே சரிசெய்துவிடுவார்கள்.

ஆகவே காசு முன்னே வருகிறதா பின்னே வருகிறதா என்பது பார்வை அல்ல. கிரெடிட் ஸ்ப்ரெட் அடிக்கடி ஜெயிப்பதாகத் தோன்றுவது, வழக்கமாக அதை நிஃப்டிக்குக் கீழே உள்ள ஸ்ட்ரைக்குகளில் போடுவதால். அங்கே ஜெயிக்கும் வாய்ப்பு கூடும், ஜெயித்தால் வரும் தொகை குறையும், தோற்றால் போகும் தொகை ஏறும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை பிட்-ஆஸ்க் இடைவெளியும் மார்ஜினும் முடிவு செய்யட்டும். 25,200 புட் போல ஏற்கெனவே உள்ளார்ந்த மதிப்பு இருக்கும் ஆப்ஷன்களில் இடைவெளி அகலமாக இருக்கும், அதனால் இந்த ஸ்ட்ரைக்குகளுக்கு கால் ஸ்ப்ரெட்தான் மலிவு.

## 8. ஆர்டர் போடும் வரிசை

ஸ்ப்ரெட்டில் வாங்கும் லெக் முதலில், விற்கும் லெக் அடுத்து. மாற்றிப் போட்டால் விற்கும் லெக்குக்கு முழு மார்ஜினைக் கேட்கும், அவ்வளவு பணம் இல்லையென்றால் ஆர்டர் ரிஜெக்ட் ஆகும். வெளியே வரும்போது நேர் எதிர்: விற்றதை முதலில் திரும்ப வாங்குங்கள், வாங்கியதை அப்புறம் விற்றுவிடுங்கள். பாஸ்கெட் ஆர்டர் வசதி இருந்தால் வரிசையை அதிலேயே அமைத்துக்கொள்ளலாம், தேவையான மார்ஜினும் முன்கூட்டியே தெரியும்.

மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், லிமிட் மட்டும். ஒரு லெக் நிறைவேறி மற்றொன்று தொங்கினால், கையில் இருப்பது நீங்கள் வரைந்த படம் அல்ல. விலையை ஒன்றிரண்டு புள்ளி விட்டுக்கொடுத்தாவது உடனே இரண்டாவது லெக்கை முடியுங்கள், இல்லையென்றால் முதலாவதையும் மூடிவிடுங்கள். நட்டம் ஓடும் லெக்கை வைத்துக்கொண்டு லாபம் தரும் லெக்கை மட்டும் மூடுவதும் இதே வகைதான். மூடும் முன் மிஞ்சும் லெக்கின் படத்தைத் தனியாக வரைந்து பாருங்கள். இன்று புதிதாக அதை வாங்குவீர்களா அல்லது விற்பீர்களா என்று கேட்டு, இல்லை என்றால் அதையும் சேர்த்து மூடுங்கள்.

## 9. செலவைப் படத்தில் சேருங்கள்

புல் கால் ஸ்ப்ரெட்டில் உள்ளே வர இரண்டு, வெளியே போக இரண்டு, ஆக நான்கு ஆர்டர். ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால் 80, அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து 94 ரூபாய் 40 காசு. விற்கும் பிரீமியத்தின் மேல் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, 2024 அக்டோபர் 1-இல் 0.0625%-லிருந்து 0.1% ஆனது, 2026 ஏப்ரல் 1-இல் 0.15% ஆனது. பட்ஜெட்டில் மாறக்கூடிய விகிதம் என்பதால் இன்றைய எண்ணைச் சரிபாருங்கள். 0.15% என்று போட்டால், 25,000 காலை 250-க்கு விற்று, 25,200 காலை 110-க்குத் திரும்ப வாங்கி வெளியேறும்போது எஸ்டிடி சுமார் 34 ரூபாய், எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் சுமார் 17 ரூபாய். எல்லாம் சேர்த்து 145 பக்கம் வரும், யூனிட்டுக்கு சுமார் 2 புள்ளி.

பிட்-ஆஸ்க் இடைவெளியில் ஒவ்வொரு லெக்கிலும் அரைப் புள்ளி போனாலும் நான்கு லெக்கில் இன்னொரு 2 புள்ளி. ஆக நிஜமான கோடு வரைந்ததைவிட 4 புள்ளி கீழே இருக்கிறது: நட்டம் 89, லாபம் 111, சமநிலை 25,089. ஷீட்டில் கடைசியில் ஒரு -4 சேர்த்துவிடுங்கள். 50 புள்ளி அகலமுள்ள சின்ன ஸ்ப்ரெட்டில் இந்த 4 புள்ளி லாபத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும், அதனால் குறுகிய ஸ்ப்ரெட் போடுபவர்கள் இந்தக் கணக்கைத் தவிர்க்கவே முடியாது.

## 10. எக்ஸ்பைரி நாளும் அதன் பிறகும்

நிஃப்டி ஆப்ஷன் ரொக்கத்தில் தீர்வு காணப்படும், எக்ஸ்பைரிக்கு முன் யாரும் எக்ஸர்சைஸ் செய்ய முடியாது. ஆகவே ஸ்ப்ரெட்டில் விற்ற லெக் நடுவில் உங்கள் மேல் விழும் என்ற பயம் வேண்டாம். தீர்வு விலை கடைசி அரை மணி நேரத்தின் சராசரியிலிருந்து வருவது. 3:30-க்குத் திரையில் கடைசியாக மின்னிய எண்ணும் தீர்வு விலையும் சில புள்ளி வித்தியாசப்படலாம், ஸ்ட்ரைக்கை ஒட்டி முடியும் நாளில் அது உறுத்தும். உள்ளார்ந்த மதிப்போடு நிற்கும் வாங்கிய ஆப்ஷனை அப்படியே தீர்வுக்கு விட்டால், எஸ்டிடி அந்த உள்ளார்ந்த மதிப்பின் மேல் விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தனிப் பங்கு ஆப்ஷன்களில் இந்த வசதி கிடையாது. 2019 அக்டோபர் முதல் அவை எல்லாமே பங்காகவே தீர்வு காணப்படுகின்றன. ஒரு பங்கில் கால் ஸ்ப்ரெட் வைத்து, விலை இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் முடிந்தால், விற்ற கால் காலாவதியாகும், வாங்கிய கால் எக்ஸர்சைஸ் ஆகும், ஒரு லாட் பங்கு முழுவதையும் வாங்க நீங்கள் பணம் கட்ட வேண்டும். அது பல லட்சம். படத்தில் 'அதிகபட்ச நட்டம் 5,000' என்று தெரியும் நிலையிலேயே இது நடக்கும். எக்ஸ்பைரிக்கு ஒருசில நாள் முன்பே தரகர் டெலிவரி மார்ஜினை ஏற்றத் தொடங்கிவிடுவார். அதற்குள் இரண்டு லெக்கையும் மூடிவிடுங்கள், அல்லது பங்கு ஆப்ஷன் பக்கமே இப்போதைக்குப் போகாமல் நிஃப்டியில் பழகுங்கள்.

ஒவ்வொரு டிரேடுக்கும் ஷீட்டின் ஒரு நகலையும் காண்ட்ராக்ட் நோட்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், வரி சமயத்தில் உதவும். எஃப் அண்ட் ஓ வருமானம் ஊக வணிகம் அல்லாத தொழில் வருமானமாகக் கருதப்படும், அதற்கு ஐடிஆர்-3 படிவம். மாதச் சம்பளக்காரர்கள் வழக்கம்போல் ஐடிஆர்-1 போட்டுவிடுவது இங்கே நடக்கும் தவறு. நட்டம் வந்த வருடத்தில் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த நட்டத்தை அடுத்த 8 வருடம் வரை தொழில் வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியும், ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடும். தரகர் தளத்தில் வரி அறிக்கை என்று ஒரு கோப்பு கிடைக்கும், ஏப்ரலில் அதை இறக்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.